வாஷிங் மெஷினில் வைஃபை: இணைத்தது, அளந்தது, கூடுதல் விலைக்குக் கிடைத்தது

எங்கள் ஃப்ரண்ட் லோடு வாஷிங் மெஷின் இப்போது வைஃபையை விட்டு விலகாமல் நிற்கிறது. துவைத்து முடிந்ததும் போனுக்குச் செய்தி தவறாமல் வருகிறது. இந்த நிலைக்கு வர ரூட்டரில் சில அமைப்புகளை மாற்ற வேண்டியிருந்தது; கடைசியில் ரூட்டரையே இடம் மாற்ற வேண்டியிருந்தது. வாங்கிய சமயத்தில் அதே டிரம், அதே மோட்டார், அதே சுழல் வேகத்தோடு வைஃபை இல்லாத மாடலும் பக்கத்திலேயே இருந்தது. வைஃபை உள்ளதற்கு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு விலை அதிகம். அந்தப் பத்தில் ஒரு பங்குக்கு என்ன கிடைக்கிறது என்று அளந்து பார்க்க ஆசை. மாடியில் இருக்கும் அண்ணன் வீட்டில் வைஃபை இல்லாத டாப் லோடு மெஷின் ஓடுகிறது. அதில் ஒரு ஸ்மார்ட் பிளக்கைப் போட்டு, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதல் இணைப்பு

பெரும்பாலான மெஷின்களில் இணைக்கும் முறை ஏறத்தாழ ஒன்றுதான். பேனலில் வைஃபை பட்டனை மூன்று விநாடி அழுத்திப் பிடித்தால் விளக்கு மின்னத் தொடங்கும். அப்போது மெஷின் தானே ஒரு சின்ன வைஃபையைப் பரப்புகிறது. போன் அதில் சேர்ந்து, வீட்டு வைஃபையின் பெயரையும் பாஸ்வேர்டையும் மெஷினிடம் ஒப்படைக்கிறது. வாங்கிக்கொண்டதும் மெஷின் தன் சொந்த வைஃபையை அணைத்துவிட்டு ரூட்டரில் போய்ச் சேர்கிறது. ஆப்பில் பார்த்தால் இது ஒரே ஒரு நீளமான பட்டையாக நகரும். உள்ளே இருப்பது மூன்று தனித்தனிப் படிகள், மூன்றும் வெவ்வேறு காரணங்களால் நிற்கும். பட்டை எந்தப் படியில் நிற்கிறது என்று தெரியாமல் திரும்பத் திரும்ப முயல்வதில் பலன் இல்லை.

மெஷின் பரப்பும் வைஃபையை ஆப்பால் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் தடை முதல் படியில் இருக்கிறது. ஆண்ட்ராய்டில் ஆப்புக்கு இருப்பிட அனுமதி கொடுக்காமல் இருந்தால் இங்கே சிக்கும். ஐபோனில் உள்ளூர் நெட்வொர்க் அனுமதியை மறுத்திருந்தாலோ, விபிஎன் ஓடிக்கொண்டிருந்தாலோ அடுத்த படியில், மெஷினோடு பேசும்போது சிக்கும். மெஷினும் ரொம்ப நேரம் காத்திருக்காது. சில நிமிடங்களில் மின்னுவதை நிறுத்திவிடும்; மறுபடி அழுத்திப் பிடிக்க வேண்டும்.

எனக்கு முதலில் நின்றது இரண்டாம் படி. போன் மெஷினின் வைஃபையில் சேர்ந்தது, சில விநாடிகளில் கழன்றது. மெஷின் பரப்பும் வைஃபைக்குப் பின்னால் இணையம் கிடையாது. அதைக் கண்டதும் போன் ‘இங்கே நெட் இல்லை’ என்று முடிவுகட்டி, தானாகவே மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடுகிறது. ஒப்படைக்க வேண்டிய பாஸ்வேர்டு நடுவழியில் நின்றுபோகிறது. மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, ‘இணையம் இல்லாவிட்டாலும் இதிலேயே இரு’ என்று போன் கேட்கும் கேள்விக்கு ஆம் சொன்னதும் இந்தப் படி தாண்டியது.

மூன்றாம் படிதான் நேரத்தைத் தின்றது. போன் பாஸ்வேர்டை ஒப்படைத்துவிட்டது, மெஷினின் விளக்கு வேகமாக மின்னியது, பிறகு அணைந்தது. ஆப் ‘பாஸ்வேர்டைச் சரிபாருங்கள்’ என்றது. பாஸ்வேர்டு சரிதான். சர்வீஸ் லைனில் பேசியவர் கேட்ட முதல் கேள்வி, “சார், உங்க போன் 5ஜில இருக்கா 2.4ல இருக்கா?” அவர் கேட்டது ரூட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை; மொபைல் 5ஜிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. மெஷினுக்குள் இருக்கும் வைஃபை சிப் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே பேசும். அதனால் இரண்டு அலைவரிசைக்கும் தனித்தனிப் பெயர் வையுங்கள் என்பது அவர் சொன்ன வழி.

பெயரைப் பிரித்துப் பார்த்தேன், மாற்றமில்லை. யோசித்தால் இதில் வியப்பும் இல்லை. 2.4 மட்டும் கேட்கத் தெரிந்த சிப்புக்கு 5 கிகாஹெர்ட்ஸ் என்று ஒன்று இருப்பதே தெரியாது. ஒரே பெயர் இருந்தால் அது குழம்பப்போவதில்லை. குழம்புவது ஆப்தான். போன் 5 கிகாஹெர்ட்ஸில் இருப்பதைப் பார்த்ததும் சில ஆப்புகள் மேலே போக மறுத்துவிடும். அப்படியானால் பட்டை தொடக்கத்திலேயே நின்றிருக்க வேண்டும். எனக்கு நின்றது கடைசியில். எனவே ரூட்டரின் பக்கம் போனேன்.

ரூட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தால், பாதுகாப்பு முறை `WPA3-Personal` என்று இருந்தது. புது ரூட்டர், நல்ல பாதுகாப்பு என்று நானே முன்பு மாற்றி வைத்தது. போனும் லேப்டாப்பும் அதில் சிக்கலில்லாமல் ஓடும். மெஷினின் சிப் அதற்கு முந்தைய `WPA2-PSK` முறையை மட்டும் அறிந்தது. கதவே வேறாக இருக்கும்போது சாவி சரியா தவறா என்ற பேச்சே எழாது. ஆனால் ஆப் அதைப் பாஸ்வேர்டு தவறு என்றுதான் சொல்கிறது. இரண்டையும் கலந்து தரும் `WPA2/WPA3` முறையில் பல மெஷின்கள் சேர்ந்துவிடும். சில சிப்புகள் அதிலும் தடுமாறும்.

வீடு முழுவதற்கும் பாதுகாப்பைக் குறைக்க மனமில்லை. ரூட்டரில் விருந்தினர் நெட்வொர்க் என்று ஒன்று உண்டல்லவா, அதை மெஷினுக்கென்று ஒதுக்கினேன். 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும், `WPA2-PSK (AES)`, பெயரில் வெறும் எழுத்தும் எண்ணும், இடைவெளியோ குறியோ கிடையாது. கூடவே 2.4 அலைவரிசையின் அகலத்தை 40 மெகாஹெர்ட்ஸிலிருந்து 20க்கு இறக்கினேன். சேனலை ரூட்டரின் விருப்பத்துக்கு விடாமல் 6 என்று நிறுத்தினேன். தானாகத் தேர்ந்தெடுக்க விட்டால் சில ரூட்டர்கள் 12, 13 சேனல்களுக்குப் போய்விடும். அந்த இரண்டையும் தேடவே தேடாத சிப்புகள் இருக்கின்றன. 1, 6, 11 மூன்றில் ஒன்றை வைத்தால் அந்தச் சந்தேகமே வராது.

அடுத்த முறை விளக்கு மின்னுவதை நிறுத்தி நிலையாக எரிந்தது.

விருந்தினர் நெட்வொர்க்கில் இன்னொரு லாபமும் இருக்கிறது. மெஷின் வெளியே நிறுவனத்தின் சர்வரோடு பேசலாம், வீட்டிலுள்ள லேப்டாப்பையோ கோப்புகளையோ எட்ட முடியாது. போன் மெஷினோடு பேசுவதும் அந்த சர்வர் வழியாகத்தான் என்பதால், இரண்டும் வேறு வேறு நெட்வொர்க்கில் இருந்தாலும் ஆப் வழக்கம்போல ஓடுகிறது. இணைக்கும் வேளையில் மட்டும் சில ஆப்புகள் போனும் அதே நெட்வொர்க்கில் இருக்க வேண்டும் என்று கேட்கும்.

சேர்ந்தது, ஆனால் நிற்கவில்லை

சேர்ந்த பிறகு ஆப்பில் மெஷின் திடீரென ஆஃப்லைன் ஆகும். கொஞ்ச நேரம் கழித்துத் தானே திரும்பும். துவைப்பின் நடுவே இப்படி ஆனால் முடிந்த செய்தி வராது. மெஷின் மேல் போனை வைத்து வைஃபை அளக்கும் ஆப்பில் பார்த்தேன்: -61 டிபிஎம். இது நல்ல சிக்னல். -67 வரை கவலையில்லை, -70ஐத் தாண்டினால் தள்ளாட்டம் தொடங்கும், -80 என்றால் நம்ப முடியாது. -61 காட்டும் இடத்தில் மெஷின் ஏன் விழ வேண்டும்?

விடை ரூட்டரின் பக்கத்தில் இருந்தது. பல ரூட்டர்கள் தங்களோடு சேர்ந்திருக்கும் ஒவ்வொரு சாதனத்தின் சிக்னலையும் பட்டியலில் காட்டும். அங்கே மெஷினின் வரிசையில் -78 என்று இருந்தது. அதே இடம், 17 டெசிபல் வித்தியாசம். மெஷினின் ஆன்டெனா சின்னது. பேனலின் பிளாஸ்டிக்குக்குப் பின்னால் இருக்கிறது. மீதிப் பக்கமெல்லாம் உலோகத் தகடு, உள்ளே உலோக டிரம். எங்கள் ரூட்டர் இருந்தது மெஷினின் முதுகுப் பக்கம், சுவருக்கு அப்பால். சிக்னல் டிரம்மையும் தகட்டையும் சுற்றிக்கொண்டுதான் பேனலுக்கு வர வேண்டும். போனில் அளப்பது போனுக்கான கணக்கு. மெஷினுக்கு ரூட்டர் காட்டும் எண்ணைத்தான் நம்ப வேண்டும்.

ரூட்டரின் பட்டியலில் கிடைத்த மெஷினின் முகவரிக்கு லேப்டாப்பிலிருந்து நூறு பிங், அதாவது பதில் கேட்கும் சிறு செய்திகள், அனுப்பிப் பார்த்தேன். விருந்தினர் நெட்வொர்க்கில் இருப்பதால் லேப்டாப்பையும் சற்று நேரம் அதில் சேர்த்து, சாதனங்களைத் தனித்தனியே பிரிக்கும் அமைப்பையும் அதுவரை அணைத்து வைத்தேன்.

```
ping -c 100 192.168.50.37
```

விண்டோஸில் `-c` இருக்கும் இடத்தில் `-n` போட வேண்டும். நூற்றில் பத்தொன்பதுக்குப் பதிலே இல்லை. இங்கே ஒன்று கவனிக்க வேண்டும். சும்மா இருக்கும்போது மெஷினின் சிப் மின்சாரம் சேமிக்கக் கண்ணை மூடி மூடித் திறக்கும், அதனால் பதில்கள் 100, 200 மில்லிவிநாடி தாமதமாக வரும். அது கோளாறு இல்லை. பதிலே வராமல் போவதுதான் கோளாறு. சில மெஷின்கள் பிங்குக்குப் பதிலளிக்காமலே இருக்கும்படி அமைக்கப்பட்டிருக்கும். அவற்றில் இந்தச் சோதனை செல்லாது; சிக்னல் எண் ஒன்றே துணை.

ரூட்டரை அலமாரிக்குள்ளிருந்து எடுத்து, மெஷினின் முகம் பார்க்கும் பக்கத்துச் சுவரில், கதவின் நிலைக்கு மேலே ஏற்றினேன். புதிய ரூட்டரோ எக்ஸ்டென்டரோ வாங்கவில்லை. செலவு கொஞ்சம் நீளமான நெட்வொர்க் கேபிளும் இரண்டு ஸ்க்ரூவும்தான். பட்டியலில் மெஷின் -66க்கு வந்தது. மறுபடி நூறு அனுப்பியதில் ஒன்று மட்டும் தவறியது. அதற்குப் பிறகு ஆஃப்லைன் ஆனதை நான் பார்க்கவில்லை.

செய்தி வராத நாள்கள்

இணைப்பு சரியான பிறகும் ‘துவைத்து முடிந்தது’ என்ற செய்தி சில நேரம் ஆப்பைத் திறந்த பிறகுதான் வந்து விழுந்தது. இதில் யார் பக்கம் கோளாறு என்று பிரிக்க எளிய வழி இருக்கிறது. மெஷின் முடிந்து நிற்கும்போது ஆப்பைத் திறந்து பாருங்கள். ஆப்பில் இன்னும் 12 நிமிடம் மீதி என்று பழைய கணக்கு நின்றிருந்தால் மெஷினிலிருந்து சர்வருக்குத் தகவல் போகவில்லை. வைஃபையைப் பார்க்க வேண்டும். ஆப்பில் ‘முடிந்தது’ என்று சரியாகக் காட்டி, செய்தி மட்டும் வரவில்லை என்றால் போன்தான் தடுக்கிறது. எனக்கு இரண்டாவது. போனின் பேட்டரி சேமிப்பு அந்த ஆப்பைப் பின்னணியில் தூங்க வைத்திருந்தது. ஆப்பின் பேட்டரி அமைப்பில் கட்டுப்பாட்டை நீக்கியதும் செய்தி ஒரு நிமிடத்துக்குள் வரத் தொடங்கியது.

வைஃபை மெஷினில் நான் நாள் தவறாமல் பயன்படுத்துவது இந்த ஒரு செய்தியைத்தான். பேனலில் முதலில் 1:10 என்று காட்டினாலும் துணியின் எடை, நுரை, சுழலும்போது சமநிலை சேராமல் திரும்பத் திரும்பப் பிரித்துப் போடுவது என்று உண்மையான நேரம் நீண்டுகொண்டே போகும். அலாரம் வைத்துப் போனால் பாதி நாள் மெஷின் முன்னால் நிற்க வேண்டிவரும். ஈரத்துணி டிரம்மில் மணிக்கணக்கில் கிடந்து வாடை வருவது எங்கள் வீட்டில் நின்றுபோனது இந்தச் செய்தியால்தான்.

தூரத்திலிருந்து இயக்குவது

கடையில் முதலில் காட்டுவது இதை. வெளியே இருந்தபடியே மெஷினை ஓட விடலாம் என்பார்கள். நடைமுறை இப்படி: துணியைப் போட்டு, சோப்பு ஊற்றி, கதவை மூடி, பேனலில் ரிமோட் ஸ்டார்ட் பட்டனை அழுத்த வேண்டும். கதவு பூட்டிக்கொள்ளும். அதன் பிறகுதான் ஆப்பிலிருந்து தொடங்க முடியும். கதவைத் திறந்தாலோ மெஷினை அணைத்தாலோ அந்த அனுமதி ரத்தாகிவிடும். அடுத்த முறை மறுபடி அழுத்த வேண்டும். தொல்லையாகத் தெரிந்தாலும் இது சரியான ஏற்பாடு. உள்ளே என்ன இருக்கிறது, குழந்தையோ பூனையோ ஏறியிருக்கிறதா என்று பார்க்காமல் எங்கோ இருந்து ஒருவர் டிரம்மைச் சுழற்றக் கூடாது.

ஆனால் இத்தனையும் கையால் செய்த பிறகு, பேனலிலேயே இருக்கும் தாமதத் தொடக்கத்தில் ‘ஆறு மணி நேரம் கழித்து முடி’ என்று வைத்துவிட்டுப் போகலாம். அது வைஃபை இல்லாத மாடலிலும் இருக்கிறது. வீடு திரும்பும் நேரம் முன்கூட்டித் தெரியாத நாளில் மட்டும் ரிமோட் ஸ்டார்ட்டுக்கு வேலை இருக்கிறது. தண்ணீர்க் குழாய் கழன்றால் பார்க்க ஆளில்லாத வீட்டில் மெஷினை ஓட்ட எனக்குத் தயக்கம் உண்டு. ஆகையால் இதை நான் அரிதாகத்தான் தொடுகிறேன்.

ஆப்பிலிருந்து இறக்கிக்கொள்ளும் கூடுதல் புரோகிராம்களையும் உட்கார்ந்து பார்த்தேன். விளையாட்டு உடை, துண்டு, மழைக்கோட்டு என்று பெயர் நீளும். எங்கள் மெஷினில் இதற்கு ஒரே ஓர் இடம்தான். புதிதாக ஒன்றை இறக்கினால் பழையது போய்விடும். துண்டுக்கான புரோகிராமை ஓட்டி, பேனலில் வந்த எண்களைக் குறித்துக்கொண்டேன்: 60 டிகிரி, ஒரு அலசல் கூடுதல், 1200 சுழல். காட்டன் புரோகிராமில் இதே மூன்றையும் கையால் வைக்கலாம். மெஷினுக்குள் இருப்பது ஒரே ஹீட்டர், ஒரே மோட்டார், ஒரே பம்ப். புரோகிராம் என்பது அவற்றை எந்த வரிசையில், எவ்வளவு நேரம் இயக்குவது என்பதுதான். டிரம் திரும்பும் விதத்தில் சிறு மாற்றங்கள் இருக்கலாம், துண்டில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

மின்சாரக் கணக்கு

ஆப்பில் மாதாந்திர மின்செலவு வரைபடம் அழகாக வருகிறது. இதைச் சரிபார்க்க, 16 ஆம்பியர் தாங்கும், மின்சாரம் அளக்கும் பிளக் ஒன்றை மெஷினுக்கு முன்னால் போட்டேன். ஹீட்டர் ஓடும்போது எங்கள் மெஷின் 2000 வாட் அளவுக்கு இழுக்கிறது. 10 ஆம்பியர் பிளக்கில் இதை நெடுநேரம் ஓட்டினால் பிளக் சூடாகும். ஓடி முடிந்ததும் பிளக்கின் உடலைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்புக்கு மேல் போனால் கழற்றிவிடுங்கள்.

குளிர்ந்த நீர்த் துவைப்பில் ஆப் 0.2 யூனிட் என்றது, பிளக் 0.14 என்றது. 60 டிகிரியில் ஆப் 0.9, பிளக் 1.02. மாதத்தின் போக்கு தெரியப் போதும். பில்லோடு ஒத்துப் பார்க்க உதவாது. இதைவிடப் பயனுள்ள கணக்கைக் காகிதத்திலேயே போடலாம். 15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60க்கு ஏற்றச் சுமார் 0.61 யூனிட் வேண்டும். 40க்கு ஏற்ற 0.26 போதும். மின்செலவைத் தீர்மானிப்பது தண்ணீரின் சூடு. அதைக் குறைக்க ஆப் தேவையில்லை. பேனலில் வெப்ப பட்டனை ஒரு முறை அழுத்தினால் நடந்துவிடும்.

பிளக் இருந்த கையோடு, மெஷின் அணைந்திருக்கும்போது என்ன இழுக்கிறது என்றும் பார்த்தேன். வைஃபை அணைத்தால் 0.4 வாட், வைஃபை இருந்தால் 1.6 வாட். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி நெட்வொர்க்கில் காத்திருக்கும் வாஷிங் மெஷின் 2 வாட்டைத் தாண்டக் கூடாது. எங்களுடையது அதற்குள்தான் இருக்கிறது. வித்தியாசம் 1.2 வாட். ஆண்டு முழுக்க 8760 மணி நேரத்துக்கு 10.5 யூனிட் ஆகிறது. மேலே போட்ட 60 டிகிரிக் கணக்கில் பதினேழு தடவை தண்ணீர் சூடாக்கும் மின்சாரம். பெரிய தொகை இல்லை. ஆனாலும் ‘ஆப் வழியாக மின்சாரம் மிச்சம்’ என்று சொல்பவர்கள் இதையும் சேர்த்துக் கழிக்க வேண்டும்.

மாடியில் ஸ்மார்ட் பிளக்

அண்ணியிடம் கேட்டபோது அவர் சொன்னது: “தம்பி, முடிஞ்சதுன்னு ஒரு வார்த்தை வந்தா போதும். மத்ததெல்லாம் எனக்கு வேண்டாம்.” அவர்களுடைய டாப் லோடில் ஹீட்டர் இல்லை. மோட்டார் ஓடும்போதும் 400 வாட்டைத் தாண்டவில்லை. இதற்குச் சாதாரண அளக்கும் பிளக்கே போதும். வீட்டுச் சாதனங்களை ஒரே இடத்திலிருந்து கவனிக்கும் ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருள் ஓடும் சின்னக் கணினி ஒன்று ஏற்கெனவே வீட்டில் இருந்ததால் பிளக்கை அதில் சேர்த்தேன்.

முதலில் செய்ய வேண்டியது விதி எழுதுவது அல்ல, சில துவைப்புகளின் வரைபடத்தைப் பார்ப்பது. ஓட்டத்தில் 200 முதல் 400 வாட். ஊற வைக்கும் கட்டத்தில் 3 வாட்டுக்கு இறங்கி ஏறக்குறைய நாலு நிமிடம் அப்படியே நிற்கிறது. முடிந்த பிறகு 1 வாட்டுக்கும் கீழே. ஒரு நிமிடம் 5 வாட்டுக்குக் கீழே இருந்தால் முடிந்தது என்று விதி வைத்தால் ஊறும்போதே செய்தி வந்துவிடும்; வந்தது. நடுவில் வரும் மிக நீண்ட இடைவெளியைவிடக் காத்திருப்பு நேரம் அதிகமாக இருக்க வேண்டும். ஆறு நிமிடம் என்று வைத்தேன்:

```yaml
triggers:
  - trigger: numeric_state
    entity_id: sensor.washer_power
    below: 5
    for: "00:06:00"
conditions:
  - condition: state
    entity_id: input_boolean.washer_running
    state: "on"
actions:
  - action: notify.mobile_app_phone
    data:
      message: "துவைத்து முடிந்தது"
  - action: input_boolean.turn_off
    target:
      entity_id: input_boolean.washer_running
```

`washer_running` என்ற சுவிட்சை ஆன் செய்ய இன்னொரு சிறு விதி வேண்டும்: 50 வாட்டுக்கு மேல் இரண்டு நிமிடம் ஓடினால் ஆன். இது இல்லாவிட்டால் யாராவது மெஷினைத் தொட்டு அணைத்தாலும் செய்தி போய்விடும். ஃப்ரண்ட் லோடில் இதைச் செய்பவர்கள் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். துணி கசங்காமலிருக்க முடிந்த பிறகும் டிரம்மை அவ்வப்போது உருட்டும் மாடல்கள் இருக்கின்றன. அந்த வசதியை அணைத்தால்தான் பிளக்குக்கு முடிவு தெளிவாகத் தெரியும்.

பிளக்கின் ஆன், ஆஃப் பட்டனைப் பூட்டி வைத்திருக்கிறேன். பிளக் இங்கே அளக்க மட்டுமே. நடுவில் மின்சாரத்தை வெட்டினால் டிரம் நிறையத் தண்ணீரோடு மெஷின் அப்படியே நின்றுவிடும். ஃப்ரண்ட் லோடாக இருந்தால் கதவும் பூட்டியபடி இருக்கும்.

பிளக்கின் விலை, வைஃபை மாடலுக்கு நான் கொடுத்த கூடுதல் தொகையில் சிறு பகுதி. அண்ணிக்கு ஆறு நிமிடம் தாமதமாகச் செய்தி வருகிறது, அவ்வளவே குறை. ஹோம் அசிஸ்டன்ட் இல்லாதவர்கள் வாங்கும் முன், ‘இத்தனை வாட்டுக்குக் கீழே இத்தனை நிமிடம்’ என்ற விதியைப் பிளக்கின் சொந்த ஆப் ஏற்கிறதா என்று பார்க்க வேண்டும். பல ஆப்புகள் நேரத்தை மட்டும்தான் ஏற்கின்றன.

இரண்டும் ஒன்றுதான் என்று முடிவுகட்ட இருந்த சமயத்தில் ஒரு நாள் எங்கள் மெஷினின் வடிகால் பம்ப் வடிகட்டியில் ஹேர்பின் ஒன்று மாட்டியது. தண்ணீர் வெளியேறாமல் துவைப்பு நடுவில் நின்றது. பேனலில் வந்தது ஒரு பிழைக் குறியீடு. ஆப்பில் வந்தது ‘தண்ணீர் வெளியேறவில்லை, வடிகட்டியைப் பார்க்கவும்’ என்ற செய்தி, நின்ற உடனேயே. கீழே இருக்கும் சின்னக் கதவைத் திறந்து, மெல்லிய குழாய் வழியாகத் தண்ணீரைத் தட்டில் வடித்து, வடிகட்டியைத் திருகி எடுத்துச் சுத்தம் செய்து மறுபடி ஓட்டினேன். பிளக்காக இருந்திருந்தால் மின்சாரம் இறங்கியதைப் பார்த்து ‘துவைத்து முடிந்தது’ என்று சொல்லியிருக்கும். முடிந்ததற்கும் பாதியில் நின்றதற்கும் உள்ள வித்தியாசம் வாட் கணக்கில் தெரியாது. அந்தக் கூடுதல் விலைக்கு ஆப் தருவதில் எனக்கு உண்மையில் பயன்பட்டு, பிளக்கால் தர முடியாதது இது ஒன்றுதான்.

மறுபடி வாங்கினால்

விலை வித்தியாசம் ஒரு நல்ல பிளக்கின் விலைக்குப் பக்கத்தில் இருந்தால் வைஃபை மாடலை எடுப்பேன். அதைவிட இரு மடங்கு, மும்மடங்கு என்றால் வைஃபை இல்லாததை எடுத்து, மிச்சத் தொகைக்கு சுழல் வேகம் அதிகமுள்ள மாடலைப் பார்ப்பேன். துணி அரை மணி நேரம் முன்னதாகக் காய்வது ஒவ்வொரு முறையும் கிடைக்கும் லாபம். நான் வாங்கியபோது வித்தியாசம் பிளக்கின் விலையைப் போல் பல மடங்கு. இன்றைக்கு அந்தத் தொகையைக் கொடுக்க மாட்டேன்.

கடையில் ஆப்பின் படங்களைப் பார்ப்பதைவிட, வைஃபையே இல்லாமல் பேனலில் எதெல்லாம் செய்ய முடியும் என்று பட்டனை அழுத்திப் பார்ப்பேன். கூடுதல் அலசலையும் டிரம் சுத்தம் செய்வதையும் ஆப்பில் மட்டும் வைத்திருக்கும் மாடல் எனக்கு வேண்டாம். மெஷின் பத்து ஆண்டு உழைக்கலாம். அதுவரை நிறுவனம் சர்வரை நடத்துமா என்பது அவர்கள் கையில் இருக்கிறது, சர்வர் நின்றால் ஆப்பும் நிற்கும். ஸ்மார்ட் வீட்டுச் சாதனங்களுக்கான மேட்டர் என்ற பொதுத் தரத்தில் 2023 அக்டோபரில் வந்த 1.2 பதிப்பு வாஷிங் மெஷினையும் சேர்த்துக்கொண்டது. அதில் இயங்கும் மெஷின் வீட்டுக்குள்ளேயே, நிறுவனத்தின் சர்வர் இல்லாமல் பேச முடியும். ஹோம் அசிஸ்டன்ட் வைத்திருப்பவருக்கு அந்தக் குறி பெட்டியில் இருந்தால் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம்.

ரூட்டரை மாற்ற நேரும்போது விருந்தினர் நெட்வொர்க்கின் பெயரையும் பாஸ்வேர்டையும் எழுத்து மாறாமல், பாதுகாப்பு முறையையும் அப்படியே புதிய ரூட்டரில் வைத்துவிட்டால் மெஷின் தானாகச் சேர்ந்துகொள்ளும், மறுபடி மூன்று விநாடி அழுத்தி முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. மெஷினை யாருக்காவது கொடுப்பதாக இருந்தால் ஆப்பிலிருந்து அதை நீக்கி, பேனலில் நெட்வொர்க்கை அழித்துவிட்டுக் கொடுக்க வேண்டும். நீக்காமல் கொடுத்தால் சில மாடல்களில் புதியவரால் தன் கணக்கில் பதிவு செய்ய முடியாமல் போகும், வீட்டு வைஃபையின் பாஸ்வேர்டும் மெஷினுக்குள்ளேயே போய்விடும்.